அடித்த விடை உண்மையிலேயே அடிபட்டதா?

குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வு முடிந்த மாலையில், வினாத்தாளின் படங்கள் மாணவர் குழுக்களில் வரத் தொடங்கிவிடும். வினாத்தொகுப்பைத் தேர்வர் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்று யூபிஎஸ்சி விதி அனுமதிப்பதால், விடுதி அறையின் மேசை விளக்கொளியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறார்கள். பக்கங்களின் ஓரத்தில் பென்சில் குறிகள் இருக்கும். சில எண்களைச் சுற்றி வட்டம், சிலவற்றின் அருகே கேள்விக்குறி, சில விடைகளின் மேல் கோடு. பிறகு விவாதம் தொடங்கும். 'இதை நீ எழுதினாயா, விட்டாயா?' என்பதே அதன் முதல் கேள்வி. விடை எது என்ற கேள்வி அதற்குப் பின்னர்தான் வரும்.

அந்த விவாதத்தில் அநேகமாக ஒருவராவது அனுபவசாலியின் குரலில் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: 'ஐயம் வந்தால் விட்டுவிட வேண்டும், எதிர்மதிப்பெண் இருக்கிறது.' பள்ளியிலிருந்தே கேட்டுப் பழகிய இந்த வாக்கியம் பொறுப்பான அறிவுரைபோல் ஒலிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தவறானது. மேலும், இதற்குக் கீழ்ப்படிந்து நடப்பவருக்கே இழப்பு அதிகம்.

கணக்குக்கு முன் ஒரு சிறிய எச்சரிக்கை தேவை. குழுவில் வரும் படங்களில் பெரும்பாலும் இல்லாத பக்கம், அறிவுரைகள் அச்சிடப்பட்ட பக்கம்தான். வினாக்களைப் படமெடுப்பவர் அதைப் படமெடுப்பதில்லை. ஆனால் எழுதுவதா விடுவதா என்ற முடிவுக்கு அடிப்படையே அந்தப் பக்கம். முதல்நிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் 100 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தவறான விடைக்கு அந்த 2இல் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். விடையளிக்காமல் விட்டால் கழிவு இல்லை. நீட் தேர்வில் சரியானால் 4, தவறானால் 1 கழிவு, அதாவது நான்கில் ஒரு பங்கு. கேட் தேர்வில் ஒரே தாளுக்குள்ளேயே விதி மாறுகிறது: ஒரு விடை மட்டும் சரியான வினாக்களில் மூன்றில் ஒரு பங்கு கழிவு, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய வினாக்களிலும் எண்ணை உள்ளிடும் வினாக்களிலும் கழிவே இல்லை. யூஜிசி நெட் தேர்வில் எதிர்மதிப்பெண்ணே கிடையாது. ஒரு தேர்வில் பழகிய அச்சத்தை இன்னொரு தேர்வுக்குச் சுமந்து சென்று, கழிவே இல்லாத வினாவை வெறுமையாக விட்டு வருபவர்கள் ஆராய்ச்சி மாணவர்களிடையேகூட உண்டு.

இனிக் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு கழிவுள்ள தாளில், வினாவே புரியாத ஒருவர் நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறார் என்று கொள்ளலாம். நான்கு முறை அப்படிச் செய்தால் சராசரியாக ஒருமுறை சரியாகி 2 மதிப்பெண் வரும். மூன்று முறை தவறாகி, முறைக்கு மூன்றில் இரண்டாக மொத்தம் 2 மதிப்பெண் போகும். வரவும் செலவும் சமம். ஊகிப்பவர் சராசரியாக எதையும் பெறாமலும் இழக்காமலும் இருக்க வேண்டும் என்பதற்காகவே கழிவு இந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. இதைத் தண்டனை என்பதைவிடச் சமன்பாடு என்பதே பொருத்தம்.

ஆகவே இத்தகைய தாளில் சரியாவதற்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்புள்ள எந்த விடையும், எழுதுபவருக்குச் சராசரியில் ஆதாயம் தருவதே. ஒரு விடையையாவது நியாயமாக நீக்க முடிந்தால் மீதம் மூன்று. சராசரி ஆதாயம் வினாவுக்கு 0.22. இரண்டை நீக்க முடிந்தால் 0.67. நீட் போன்ற நான்கில் ஒரு பங்கு கழிவுள்ள தாளில் எல்லைக்கோடு 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுவதால், அங்கே கண்ணை மூடித் தொடுவதுகூடச் சராசரியில் சிறு ஆதாயம் தரும். ஐயம் வந்தவுடன் விட்டுவிடுபவர் ஐயத்தின் அளவை அளக்காமலேயே எழுந்து போகிறார். இரண்டு விடைகளுக்கிடையே தடுமாறிய 24 வினாக்களை அப்படி விட்டவர், சராசரியாக 16 மதிப்பெண்ணை மேசையிலேயே வைத்துவிட்டு வருகிறார்.

இதுவரை சொன்னது பயிற்சி மையங்களிலும் சொல்லப்படுவதே. ஆனால் அதில் ஒரு சொல் ஆராயப்படாமலேயே கடந்து போகிறது: 'நியாயமாக'. ஒரு விடையை நீக்கிவிட்டதாகத் தேர்வர் நம்புவதும், அது உண்மையிலேயே நீங்கியிருப்பதும் ஒன்றல்ல. முடிவின் கனம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

விளக்குவதற்காக ஒரு தேர்வரைக் கற்பனை செய்துகொள்ளலாம். மொழியியல் முதுகலை முடித்து, டெல்லியில் தங்கி, முதல்நிலைத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவி. இரண்டு மணி நேர மாதிரித் தேர்வு ஒன்றை எழுதும்போது ஒவ்வொரு வினாவின் அருகிலும் சிறு குறி இடுகிறார்: உறுதியாகத் தெரிந்தது, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, ஒன்றுமே தெரியாதது. தேர்வு முடிந்தபின் குறிவாரியாகக் கூட்டுகிறார். உறுதி என்றவை 38. அவற்றுள் 33 சரி. இரண்டில் ஒன்று என்றவை 24, 11 சரி. மூன்றில் ஒன்று என்றவை 20; 5 சரி. ஒன்றும் தெரியாத 18ஐயும் விட்டுவிட்டார்.

மதிப்பெண்ணாக மாற்றினால், முதல் வகை 62.67 தருகிறது. இரண்டாம் வகை 13.33. மூன்றாம் வகையில் 10 வந்து 10 போய், மிச்சம் சுழியம். மொத்தம் 76.

பெரும்பாலோர் இந்த இடத்தில் 'மூன்றில் ஒன்று என்றால் இனி எழுதக்கூடாது' என்று முடிவெடுத்துவிடுவார்கள். 20 வினாக்களில் 5 சரி என்பதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 20 வினாக்களில் எத்தனை இடங்களில் சரியான விடை, அவர் முதலிலேயே கோடு போட்டு அடித்த விடையாக இருந்தது? மாணவி பக்கம் புரட்டிப் பார்க்கிறார். ஆறு இடங்களில்.

இந்த ஆறு என்ற எண்ணை நின்று நோக்க வேண்டும். நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், சரியான விடையையே அடித்துவிடும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 20 வினாக்களில் அது ஐந்து. அவர் யோசித்து அடித்ததில் ஆறு. அதாவது அந்த வினாக்களில் அவருடைய 'நீக்கம்' எதையும் நீக்கவில்லை. நான்கு வாய்ப்புள்ள வினாவை மூன்று வாய்ப்புள்ளதாக அவர் நம்பினார், அவ்வளவே. மீதமிருந்த 14 வினாக்களில் 5 சரி என்பது மூன்றில் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒப்பானது. அங்கே கோளாறு இல்லை. கோளாறு கோடு போட்ட கையில்தான்.

ஏன் அடித்தோம் என்று அந்த ஆறையும் திரும்பப் பார்க்கும்போது காரணம் தெரிகிறது. நான்கு இடங்களில் அவர் பாடத்தை வைத்து அடிக்கவில்லை. சொல்லை வைத்து அடித்திருக்கிறார். 'அனைத்தும்', 'எப்போதும்', 'ஒரே' போன்ற அறுதிச் சொற்கள் வரும் கூற்று தவறாகவே இருக்கும் என்பது தேர்வுலகின் பழைய வாய்ப்பாடு. அறுதிக் கூற்றுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தாலும் அது பொய்யாகிவிடும் என்ற அளவில் அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் 'அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஒரே ஆஸ்திரோ-ஆசிய மொழி சந்தாலி' என்ற கூற்றை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பாடு 'ஒரே' என்ற சொல்லைக் கண்டதும் கோடு போடச் சொல்லும். கூற்றோ உண்மை. அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் போடோவும் மணிப்புரியும் திபெத்திய-பர்மியக் கிளையைச் சேர்ந்தவை. ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்திலிருந்து 2003ஆம் ஆண்டின் 92ஆம் திருத்தத்தால் சேர்ந்த சந்தாலி மட்டுமே இருக்கிறது. மொழியியல் படித்த ஒருவர் தன் பாடத்தை மறந்து வாய்ப்பாட்டை நம்பி இங்கே மதிப்பெண்ணை இழப்பார் என்பது வேடிக்கைதான்; நேரம் குறைந்த அறையில் அது நடக்கக்கூடியதே. வினா எழுதுபவர்களுக்கும் அந்த வாய்ப்பாடு தெரியும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆக, எழுதுவதா விடுவதா என்ற கேள்விக்கு விடை, கோட்டுக்கான காரணத்தில் இருக்கிறது. 'இது தவறு, ஏனெனில் இன்ன செய்தி எனக்குத் தெரியும்' என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அது நீக்கம். மீதமுள்ள மூன்றில் எதைத் தொட்டாலும் சராசரி அவர் பக்கம். 'இது சரியாக இருக்கும்போல் தோன்றவில்லை' என்பது மட்டுமே காரணமானால், வினாவுக்கு இன்னும் நான்கு விடைகள் உள்ளன என்றே கொள்ள வேண்டும்.

வினாவின் அமைப்பும் இதில் குறுக்கிடுகிறது. ஒரு வினாவை இரண்டு விதமாக அமைத்துப் பார்க்கலாம். மூன்று கூற்றுகள்: 1. தமிழ் 2004ஆம் ஆண்டில் செம்மொழியாக அறிவிக்கப்பட்டது. 2. மலையாளம் 2008ஆம் ஆண்டில் செம்மொழித் தகுதி பெற்றது. 3. பாலி மொழி எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. முதலாவது உண்மை. இரண்டாவது தவறு, 2008இல் அத்தகுதி பெற்றவை கன்னடமும் தெலுங்கும், மலையாளம் பெற்றது 2013இல். மூன்றாவதும் தவறு, பாலிக்கு 2024இல் செம்மொழித் தகுதி கிடைத்தது, அட்டவணையில் இடம் கிடைக்கவில்லை.

பழைய பாணியில் விடைகள் இப்படி இருக்கும்: அ. 1 மட்டும், ஆ. 1, 2 மட்டும், இ. 2, 3 மட்டும், ஈ. 1, 2, 3. மூன்றாவது கூற்று தவறு என்ற ஒரே செய்தி தெரிந்தாலும் இ, ஈ இரண்டும் ஒருசேர விழுந்துவிடும். எஞ்சிய இரண்டிலும் 1 இருப்பதால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வினா முழுவதும் மலையாளத்தின் ஆண்டு என்ற ஒற்றைப் புள்ளியில் வந்து நிற்கிறது. அரைகுறை அறிவுக்கு இந்த அமைப்பு தாராளமாகக் கூலி கொடுக்கிறது.

2023ஆம் ஆண்டுத் தாளில் பெருமளவில் வந்த புதிய பாணி வேறு: 'மேற்கண்டவற்றுள் எத்தனை கூற்றுகள் சரியானவை?' ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை. இங்கே மூன்றாவது தவறு என்று தெரிந்தால் விழுவது 'மூன்றும்' என்ற ஒரு விடை மட்டுமே. மற்ற இரண்டு கூற்றுகளையும் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும்.

நீக்குவது கடினமாகிவிட்டது என்று அந்த ஆண்டில் பலரும் புலம்பினார்கள். அதைவிட நுட்பமான இழப்பு ஒன்று கவனிக்கப்படவில்லை. தமிழ் செம்மொழியானது 2005இல் என்றும், மலையாளத்தின் ஆண்டு 2008 சரிதான் என்றும் தவறாக நினைக்கும் ஒருவர், பழைய பாணியில் '2 மட்டும்' என்ற விடையைத் தேடுவார். அப்படியொன்று பட்டியலில் இருக்காது. எங்கோ பிழை செய்துவிட்டோம் என்று தாளே அவருக்குச் சொல்லிவிடும். புதிய பாணியில் அவர் 'ஒன்று மட்டும்' என்று தொடுவார். விடை சரி, மதிப்பெண்ணும் 2. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. இன்னொருவர் ஒரே ஒரு தவறு செய்து 'இரண்டு மட்டும்' என்று தொட்டுக் கழிவு வாங்குவார். ஆகவே இத்தகைய வினாக்களில் 'உறுதி' என்ற குறியே ஐயத்துக்குரியது. மாதிரித் தேர்வைத் திருத்தும்போது விடை சரியா என்று பார்த்தால் போதாது. மூன்று கூற்றுகளையும் தனித்தனியே சரிபார்த்து, எத்தனையில் தன் எண்ணம் சரியாக இருந்தது என்று குறிக்க வேண்டும்.

படங்களைக் கொண்டு பயிற்சி செய்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. திரையில் வரும் பக்கத்தில் ஏற்கெனவே இன்னொருவரின் பென்சில் குறி இருக்கிறது. அவர் அடித்த விடையைப் பார்த்தபின் 'நானும் அதைத்தான் நீக்கியிருப்பேன்' என்று எவருக்கும் தோன்றும். கடிகாரம் இல்லை, ஓஎம்ஆர் தாளில் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது என்ற அச்சமும் இல்லை. அப்படிப் பெற்ற கணக்கு, கட்டிலில் சாய்ந்திருக்கும் ஒருவருடைய கணக்கு. குறிகளற்ற பிரதியை அச்செடுத்து, கழிவு விதியை மேலே கையால் எழுதிவைத்து, நேரம் குறித்து எழுதியதிலிருந்து வரும் எண்களுக்கே மதிப்பு. ஒரே தேர்வின் எண்களையும் நம்பக்கூடாது. ஐந்தாறு தாள்களைச் சேர்த்துக் கூட்டினால்தான் 'இரண்டில் ஒன்று' என்ற குறி ஒருவருக்கு உண்மையில் 46 விழுக்காடா 60 விழுக்காடா என்பது தெளியும். மேலே கண்ட மாணவிக்கு அது 24இல் 11. பாதிக்குச் சற்றுக் குறைவு, ஆயினும் எழுதத் தக்கதே.

இந்தக் கணக்கு எல்லோரையும் ஒரேபோல் தொடுவதில்லை என்பதே இதில் மிகவும் உறுத்தலான பகுதி. பொருளியல் அறிஞர் கேட்டி பால்டிகா 2014இல் 'மேனேஜ்மென்ட் சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க எஸ்ஏடி பயிற்சி வினாக்களை ஆண்களுக்கும் பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். கழிவு இல்லாதபோது ஏறத்தாழ எல்லோரும் எல்லா வினாக்களுக்கும் விடையளித்தார்கள். கழிவு வந்ததும் பெண்கள் ஆண்களைவிட அதிக வினாக்களை விட்டார்கள். பாட அறிவு ஒரே அளவில் இருந்தபோதும் அப்படித்தான். அந்தத் தயக்கத்துக்கு அவர்கள் மதிப்பெண்ணில் விலை கொடுத்தார்கள். எஸ்ஏடி 2016இல் கழிவு முறையையே கைவிட்டது.

இந்தியாவில் முதல்நிலைத் தாளின் வினாக்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகின்றன. தமிழ்வழியில் படித்து வந்த ஒருவர், ஆங்கில வினாவின் 'இவற்றுள் சரியல்லாதது எது' என்ற எதிர்மறையை இருமுறை படித்து உறுதிசெய்துகொள்ளும் நேரத்தில், பாடம் தெரிந்திருந்தும் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தின்மீது 'ஐயம் வந்தால் விட்டுவிடு' என்ற அறிவுரையையும் ஏற்றினால், தாள் அளப்பது அவருடைய அறிவை மட்டுமல்ல; எவ்வளவு கீழ்ப்படிதலுடன் அவர் வளர்க்கப்பட்டார் என்பதையும் சேர்த்து அளக்கிறது. அதை ஆசிரியர்களே செய்கிறார்கள் என்பதுதான் வருத்தம். கவனமாக இருக்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஏற்கெனவே கவனம் மிகுந்தவர்களின் கையைக் கட்டுகிறார்கள்.

எஞ்சியிருப்பது ஒன்றுமே தெரியாத அந்த 18 வினாக்கள். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் சராசரி மாற்றம் சுழியம்தான்; ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் அது சுழியமாக இருப்பது அரிது. 18 வினாக்களுக்கு ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 5 மதிப்பெண் அளவில் இருக்கும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதைவிடவும் கூடுதலாக இருக்கும். 2022இல் பொதுப் பிரிவின் கட்-ஆஃப் 88.22, மறு ஆண்டு 75.41. எழுபத்தாறில் நிற்கும் மாணவி 2022இல் இருந்திருந்தால் விட்டதனால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. குருட்டு ஊகம் மட்டுமே அவரைக் கோட்டின் அருகிலாவது கொண்டுபோயிருக்கக்கூடும். 2023இல் இருந்திருந்தால் அதே ஊகம், கையில் இருந்த தேர்ச்சியைத் தட்டிவிட்டிருக்கக்கூடும். எந்த ஆண்டில் அமர்ந்திருக்கிறோம் என்பது அறைக்குள் யாருக்கும் தெரியாது. கடைசிப் பத்து நிமிடத்தில் தான் கோட்டுக்கு வெகு கீழே இருப்பதாகத் தன் குறிகளைக் கூட்டி அறிந்தவர் அந்தப் பதினெட்டையும் நிரப்பிவிடலாம். கோட்டின் அருகிலோ மேலோ இருப்பதாக அறிந்தவர் பேனாவை மூடிவைக்கலாம். இரண்டுக்கும் முதலில் வேண்டியது, வினாவின் ஓரத்தில் நேர்மையாக இட்ட அந்தப் பென்சில் குறி.